100 மீற்றருக்கு 17 செக்கனும் 36 செக்கனும்: மரதன் வீரருக்கும் நமக்கும் உண்மையான இடைவெளி எவ்வளவு?

உப்புவெளிக் கரையான்

மரதன் நேரத்தை மணிக்கணக்கில் சொன்னால் எனக்கு எதுவும் உறைப்பதில்லை. 2 மணித்தியாலம் என்றாலும் நாலரை மணித்தியாலம் என்றாலும் இரண்டும் பெரிய நேரமாகத்தான் தெரிகிறது. அதனால் 100 மீற்றருக்கு எத்தனை செக்கன் என்று உடைத்துப் பார்த்தேன்.

கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2023 ஒக்டோபரில் சிகாகோ மரதனை ஓடிய நேரம் 2 மணி 0 நிமிடம் 35 செக்கன். மொத்தம் 7235 செக்கன். 42.195 கிலோமீற்றருக்குள் 100 மீற்றர் துண்டுகள் 421.95 இருக்கின்றன, வகுத்தால் ஒரு துண்டுக்கு 17.15 செக்கன் வருகிறது. நான் காலமையில் 10 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் ஓடுகிறவன், எனக்கு அது 36 செக்கன். அப்படியென்றால் அவர் என்னைவிட 2.1 மடங்கு வேகம், அவ்வளவுதான்.

ஆனால் இங்கேதான் குழப்பம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயொரு 100 மீற்றர் ஓடினால் நான் 15.5 செக்கனில் முடிக்கிறேன். அதாவது கிப்டும் இரண்டு மணித்தியாலம் விடாமல் ஓடிய வேகம் என்னுடைய உச்ச ஓட்டத்துக்குக் கொஞ்சம்தான் கீழே. ஒரு பக்கம் பார்த்தால் 2.1 மடங்கு, இன்னொரு பக்கம் பார்த்தால் நான் அவரை முந்துகிறேன். எந்த எண்ணை வைத்து இடைவெளியைச் சொல்வது?

ரஸ்மி_ஜமாலியா

மச்சான் இதில் என்ன குழப்பம், விடை உன் பதிவிலேயே இருக்கிறதே. வேகம் உனக்கும் இருக்கிறது, அவனுக்கும் இருக்கிறது, தாக்குப்பிடிக்கிறதுதான் உனக்கு இல்லை. நான் 100 மீற்றர் 14 செக்கன் ஓடுகிறவன், கிப்டும் பக்கத்தில் ஓடினால் முதல் 100இல் நான்தான் முன்னுக்கு. அன்றைக்கு உள்துறைமுக வீதியில் ஓடும்போது என் மணிக்கூட்டில் ஒரு கட்டத்தில் கிலோமீற்றருக்கு 2:45 என்று காட்டியது, அது கிப்டும் ஓடினதைவிடக் கூட! ஸ்டமினாவைக் கூட்டினால் சரி, வேகத்துக்குத் தனியாக ஒன்றும் செய்யத் தேவையில்லை.

சீனக்குடா அப்பா

வணக்கம். எனது மகன் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரை 13.9 செக்கனில் ஓடினான், வயது 14. மரதன்காரருக்கே 17 செக்கன் என்று சொல்கிறீர்கள். அப்படியானால் இவனை மரதனுக்குப் பழக்கலாமா? என்ன சப்பாத்து வாங்க வேண்டும்?

பழைய பீ.ரி. மாஸ்டர்

சீனக்குடாத் தம்பி, இங்கே பேசுவது 100 மீற்றர் போட்டியைப் பற்றி அல்ல. மரதன் தூரம் முழுவதையும் 100 மீற்றர் துண்டுகளாகப் பிரித்தால் ஒரு துண்டுக்கு என்ன நேரம் வருகிறது என்ற கணக்கு. 13.9 என்பது பிள்ளையின் வயதுக்கு நல்ல ஓட்டம்தான், ஆனால் அதை வைத்து நெடுந்தூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவன் 1500 மீற்றர் ஓடிய நேரம் இருந்தால் சொல்லுங்கள், அதிலிருந்து ஏதாவது பார்க்கலாம். 14 வயதில் மரதன் வேண்டவே வேண்டாம். சப்பாத்து கால் விரலை நெரிக்காமல் இருந்தால் போதும்.

இப்போது கரையான் தம்பியின் கேள்வி. நீங்கள் சொன்ன எண்கள் ஒவ்வொன்றும் சரி, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவற்றை ஒப்பிட்டிருக்கிறீர்கள். அவருடைய 17.15 மரதனுக்குரியது, உங்களுடைய 36 பத்து கிலோமீற்றருக்குரியது. நீங்கள் மரதன் ஓடினால் 36இல் நிற்க மாட்டீர்கள். அடுத்தது, உங்கள் 15.5 நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட ஓட்டம், அதில் வேகம் பிடிக்கவே ஒரு செக்கனுக்கு மேல் போய்விடும். கிப்டுமின் ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டம். நீங்கள் ஓடிவந்து கோட்டைக் கடந்தால் உங்கள் உச்ச வேகத்தில் 100 மீற்றர் கிட்டத்தட்ட 14 செக்கன் வரும்.

இப்போது பாருங்கள். உங்களால் முடிந்த உச்ச வேகத்தில் 80 வீதம் அளவிலான ஒரு வேகத்தை அவர் இரண்டு மணித்தியாலம் வைத்திருக்கிறார். நீங்கள் காலமையில் ஓடுவதோ உங்கள் உச்சத்தில் 40 வீதம். கால் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில் உங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பயங்கரமானது அல்ல. அந்த வேகத்தில் எவ்வளவு பங்கைச் செலவாகாமல் பிடித்து வைக்கிறார் என்பதுதான் பயங்கரம்.

ரஸ்மி பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். முதல் 100இல் அவர் முன்னுக்கு நிற்பார், அது உண்மை. ஆனால் "ஸ்டமினாவைக் கூட்டினால் சரி" என்பது கடலை இறைத்தால் மீன் பிடிக்கலாம் என்ற கதை.

மூதூர் கணக்கன்

ரஸ்மியின் 2:45 பற்றி முதலில். ஜிபிஎஸ் மணிக்கூடு காட்டும் அந்த நேரத்து வேகத்தை நம்பி 100 மீற்றர் கணக்குப் போடாதீர்கள். செய்மதிப் புள்ளி சும்மா நிற்கும்போதே சில மீற்றர் அங்கும் இங்கும் குதிக்கும், மரத்துக்கும் கட்டடத்துக்கும் கீழே இன்னும் கூட. 10 கிலோமீற்றரில் அந்தப் பிழை கரைந்துவிடும், 100 மீற்றரில் 5 மீற்றர் பிழை என்றால் அதுவே 5 வீதம். கிப்டுமின் வேகத்தில் 5 வீதம் கிட்டத்தட்ட 0.9 செக்கன். ஒரு நொடி 2:45 காட்டியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு முழுக் கிலோமீற்றரின் நேரத்தைப் போடுங்கள், பேசலாம்.

இடைவெளி எங்கே கூடுகிறது என்று பார்க்க எனக்கு வேறொரு வழி பிடிக்கும். ஒரே மனிதரை அந்தந்தத் தூரத்தின் மிகப்பெரிய ஓட்டக்காரரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. கரையான் 100 மீற்றரில் 15.5, உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58. வித்தியாசம் 1.62 மடங்கு. நம் யுபுன் அபேகோன் 2022இல் ஓடிய 9.96ஐ வைத்தாலும் 1.56. இப்போது 10 கிலோமீற்றர்: கரையானுக்கு 60 நிமிடம், ஜோசுவா செப்தெகேய் 2020இல் ஓடுபாதையில் 26 நிமிடம் 11 செக்கன். வித்தியாசம் 2.29 மடங்கு. மரதனை கரையான் 4 மணி 45 நிமிடத்தில் முடித்தார் என்று வைத்தால் கிப்டுமோடு 2.36.

அதாவது உலகின் வேகமான மனிதனிடமிருந்து அவர் நிற்கும் தூரத்தைவிட, உலகின் சிறந்த மரதன்காரரிடமிருந்து நிற்கும் தூரம் மிக அதிகம்.

உப்புவெளிக் கரையான்

இது நான் நினைத்ததற்கு நேர் எதிர். போல்ட்தான் எட்ட முடியாத ஆள், மரதன் என்பது பழகினால் வரும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஆனால் கணக்கரே, 4 மணி 45 என்பது எங்கிருந்து வந்தது? நான் இன்னும் மரதன் ஓடவே இல்லை.

மூதூர் கணக்கன்

தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பைவிடக் கொஞ்சம் கூடும் என்று ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, பீட்டர் ரீகல் என்பவர் போட்டது. தூர விகிதத்தை 1.06ஆம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும்.

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

60 நிமிடத்தையும் 42.195ஐயும் போட்டால் 276 நிமிடம், 4 மணி 36 நிமிடம் வருகிறது. இது நல்லாப் பழகினவருக்குப் பொருந்தும். முதல் மரதன், வாரத்துக்கு 30 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவர் என்றால் இதைவிடப் பிந்துவார் என்பது என் அனுபவம், அதனால் 9 நிமிடம் கூட்டினேன். தாராளமாகத்தான் கூட்டியிருக்கிறேன், இன்னும் பிந்தலாம். 4:45ஐ 421.95ஆல் வகுத்தால் 100 மீற்றருக்கு 40.5 செக்கன். உங்கள் 36 இப்படித்தான் 40.5 ஆகிறது.

நிலா (நிலாவெளி)

தம்பிமார், என்னுடைய கதையைக் கேளுங்கள். கொழும்பில் அரை மரதன் ஓடினேன், 2 மணி 45 நிமிடம். ஆனால் ஓடும்போது என் மணிக்கூடு கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடம், அதாவது உங்கள் கணக்குப்படி 100 மீற்றருக்கு 39 செக்கன் என்று காட்டுகிறது. 39 செக்கனில் ஓடினால் 2 மணி 17 நிமிடத்தில் முடித்திருக்க வேண்டுமே? மீதி 28 நிமிடத்தை யார் எடுத்தது? ஓட்டத்தை நடத்தினவர்கள் தூரத்தைக் கூட வைத்துவிட்டார்கள் என்று அவர் கோபப்படுகிறார் (அவர் ஓடவில்லை, தண்ணீர்ப் போத்தலோடு காரில் இருந்தவர்).

மூதூர் கணக்கன்

அக்கா, மணிக்கூட்டில் தானாக நிறுத்தும் வசதி போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் நீங்கள் நின்ற நேரமெல்லாம் அதன் கணக்கில் இல்லை. தண்ணீர் மேசை, கழிப்பறை வரிசை, சப்பாத்து நூல் கட்டினது, எல்லாம் காணாமல் போகும். முடிவுக் கோட்டு நேரத்திலோ எல்லாம் இருக்கும்.

நடந்தீர்களா?

நிலா (நிலாவெளி)

கொஞ்சம் நடந்தேன். கொஞ்சம் என்றால்... பாதிக்குப் பிறகு அடிக்கடி. அந்த வசதி போட்டிருக்கிறது, ஓம். ஆனால் நடந்தாலும் மணிக்கூடு ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

மூதூர் கணக்கன்

நடக்கும்போது ஓடும். ஆனால் சில மணிக்கூட்டில் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனாலே நிறுத்துகிற மாதிரி வைக்கலாம், அப்படி வைத்திருந்தால் மெதுவான நடையும் போய்விடும். உங்கள் மணிக்கூட்டில் "ஓடிய நேரம்" என்றும் "கழிந்த நேரம்" என்றும் இரண்டு தனி வரிகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு நீங்கள் எங்கேயும் நிற்கவில்லை, நடந்ததால்தான் முழு நேரமும் போனது என்று வைப்போம். 2:45 என்பது 9900 செக்கன், அரை மரதனில் 211 துண்டு, ஆகவே ஒன்றுக்கு 46.9 செக்கன். ஓடும்போது 39, சாதாரண நடைக்கு 65 என்று எடுத்தால், 46.9 வருவதற்கு தூரத்தில் 30 வீதம் நடந்திருக்க வேண்டும். அது 6 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு நடந்ததாக நினைவில்லை என்றால் மீதியை நின்றதில் தேடுங்கள். தூரம் கூடியதாகச் சந்தேகப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் போன்ற ஆட்களின் "100 மீற்றருக்கு இத்தனை" என்பது ஒரு வேகம் அல்ல, இரண்டு மூன்று வேகங்களின் கலவை. கிப்டுமின் 17.15 உண்மையிலேயே அவர் ஓடின வேகத்துக்குக் கிட்ட இருக்கும். அக்காவின் 46.9இல் அக்கா அநேகமாக ஒரு துண்டைக்கூட ஓடியிருக்க மாட்டார்.

நிலா (நிலாவெளி)

பார்த்தேன். ஓடிய நேரத்துக்கும் கழிந்த நேரத்துக்கும் 11 நிமிட வித்தியாசம் காட்டுகிறது. மீதி 17 நிமிடம் நடை என்றால், சரி, ஒத்துக்கொள்ளலாம் போலத்தான் இருக்கிறது. அவருக்குச் சொல்லப் போவதில்லை.

பழைய பீ.ரி. மாஸ்டர்

கணக்கர் சொன்ன கலவை என்ற விசயம்தான் முக்கியம், அதை இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன்.

கிப்டும் சிகாகோவில் முதல் பாதியை 60 நிமிடம் 48 செக்கனில் கடந்தார், இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 செக்கனில். 100 மீற்றருக்கு மாற்றினால் முதல் பாதி 17.29, இரண்டாம் பாதி 17.00. இரண்டு பாதிக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு செக்கன்கூட இல்லை, அதுவும் பின்பாதிதான் வேகம். 30ஆம் கிலோமீற்றரிலிருந்து 35 வரைக்கும் 13 நிமிடம் 51 செக்கன், ஒரு துண்டுக்கு 16.6. நாம் எல்லோரும் வீதியோரம் குந்தி இருக்கிற இடத்தில் அவர் கூட்டியிருக்கிறார். நான்கு மாதத்தில் வீதி விபத்தில் போய்விட்டார், 24 வயது. எவ்வளவு மிச்சம் வைத்துவிட்டுப் போனார் என்று யாருக்கும் தெரியாது.

இனி கரையான் தம்பியின் 4:45ஐ எடுங்கள். அது பெரும்பாலும் 2:10உம் 2:35உமாகத்தான் உடையும். முதல் பாதியில் ஒரு துண்டுக்கு 37 செக்கன், இரண்டாம் பாதியில் 44. ஆரம்பத்தில் கிப்டுமோடு உள்ள இடைவெளி 2.14 மடங்கு, பிந்திய பாதியில் 2.59. சராசரியாக 2.36 என்று சொல்வது பொய் அல்ல, ஆனால் அந்த 2.36 என்ற இடைவெளி பாதையில் எங்கேயாவது சற்று நேரத்துக்குத்தான் இருந்திருக்கும். ஒரு எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் கடைசி 10 கிலோமீற்றரின் எண்ணைச் சொல்வேன்.

ரஸ்மி_ஜமாலியா

சேர், அப்ப நான் சொன்னதும் இதுதானே, ஸ்டமினா.

பழைய பீ.ரி. மாஸ்டர்

நீங்கள் சொல்வது கடைசியில் களைத்துப் போவதை. நான் அதைவிட முன்னுக்கு, முதல் இரண்டு நிமிடத்திலேயே நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பாதி விசயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒரு கிலோ உடலை ஒரு கிலோமீற்றர் ஓட்ட ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். நல்ல ஓட்டக்காரருக்கு இது கொஞ்சம் குறையும், 2021இல் அன்ட்ரூ ஜோன்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில் இரண்டு மணி மரதன் முயற்சிக்காகப் பார்த்த வீரர்களுக்குச் சராசரி 191. மணிக்கு 21 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோவுக்கு 67 மில்லிலீற்றர் இடைவிடாமல் வேண்டும். அவர்களுடைய உடல் ஒட்சிசன் எடுக்கக்கூடிய உச்ச அளவே சராசரியாக 71தான். அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்கிறார்கள்.

நம் கரையான் தம்பியின் உச்ச அளவு 45 என்று வைப்போம், நல்ல பொழுதுபோக்கு ஓட்டக்காரருக்கு அது சாதாரணம். 45ஐயும் 200ஐயும் வைத்துக் கணக்குப் பார்த்தால், அவரால் ஒட்சிசனைக் கொண்டு மட்டும் ஓடக்கூடிய மிகக் கூடிய வேகம் மணிக்கு 13.5 கிலோமீற்றர், அதாவது 100 மீற்றருக்கு 26.7 செக்கன். அதைவிட வேகமாக ஓடும் ஒவ்வொரு செக்கனும் தசைக்குள் ஏற்கெனவே இருந்ததை எடுத்துச் செலவழிப்பது. 17 செக்கனில் ஓடும்போது தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன். அந்தக் கடன் ஒரு நிமிடம் அப்படி இப்படித் தாங்கும்.

ஆகவே கிப்டுமின் வேகத்தை நீங்கள் குறைந்த நேரம் செய்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள். அதே வேகத்தை வேறு ஒரு எரிபொருளில் செய்கிறீர்கள். அவருக்கு அது ஓட்டம், உங்களுக்கு அது நீட்டி இழுத்த குறுந்தூரப் பாய்ச்சல். ரஸ்மி முதல் 100ஐ வெல்லலாம், ஆனால் வென்றதற்கும் தாக்குப்பிடிப்பதற்கும் இடையில் ஒரு படிகூடச் சம்பந்தம் இல்லை.

உப்புவெளிக் கரையான்

இதைக் காலால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், கிட்டத்தட்ட ஓடுபாதையின் ஒரு சுற்று. கிப்டும் அதை 68 செக்கனில் கடப்பார். என்னுடைய 36இல் 2 நிமிடம் 23 செக்கன் எடுக்கும். அவர் அந்தக் கரையில் இறங்கும்போது நான் பாலத்தின் நடுப்பகுதிக்குக்கூட வந்திருக்க மாட்டேன், 189 மீற்றரில் நிற்பேன். அங்கே போய் அவருடைய வேகத்தில் ஓடிப் பார்க்கலாமா?

பழைய பீ.ரி. மாஸ்டர்

பாலத்தில் வேண்டாம் தம்பி, பஸ்ஸும் ஓட்டோவும் போகிற இடம், மூச்சு வாங்கிக்கொண்டு வளைந்து ஓடுவீர்கள். உங்கள் பக்கத்தில் கடற்கரைக்குப் பின்னால் வாகனம் குறைந்த நேரான துண்டு கிடைக்கும். 50 மீற்றர் அளவுநாடாவால் எட்டுத் தரம் அளந்து ஒவ்வொரு 100க்கும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மணிக்கூட்டுத் தூரத்தை நம்ப வேண்டாம், கணக்கர் சொன்னது போல. கோட்டுக்கு 20 மீற்றர் முன்பிருந்து ஓடிவந்து கோட்டில் நேரம் தொடங்குங்கள். கையால் ஸ்டொப்வொச் அழுத்துவதில் ஒரு பத்திலொரு பங்கு, இரண்டு பங்கு செக்கன் பிசகும், அதனால் யாரையாவது சைக்கிளில் பக்கவாட்டில் வரச்சொல்லி போனில் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் கடக்கும் பிரேமைப் பார்த்தால் நேரம் துல்லியமாக வரும்.

முதலில் 15 நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு மூன்று தரம் 60 மீற்றர் படிப்படியாக வேகம் கூட்டிப் பாருங்கள். குளிர்ந்த காலோடு 17 செக்கனில் புறப்பட்டால் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும், பிறகு ஒரு மாதம் எல்லாக் கணக்கும் சும்மா கணக்குத்தான். நெஞ்சு நோ, தலைசுற்று உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கோட்டையும் 17 செக்கனில் கடக்கப் பாருங்கள், முந்தவும் வேண்டாம். எந்தக் கோட்டில் உடைகிறது என்பதுதான் விடை. அடிகளையும் எண்ணுங்கள்.

சீனக்குடா அப்பா

மகனின் 1500 மீற்றர் நேரம் கேட்டுப் பார்த்தேன், 6 நிமிடம் 10 செக்கனாம். எப்படி?

பழைய பீ.ரி. மாஸ்டர்

100 மீற்றருக்கு 24.7. 13.9க்கும் இதற்கும் நல்ல இடைவெளி இருக்கிறது, இப்போதைக்குக் குறுந்தூரமும் நீளம் பாய்தலும்தான் அவனுக்குப் பொருந்தும் போலத் தெரிகிறது. இரண்டு வருடத்தில் உடம்பு வளர்ந்து எல்லாம் மாறலாம். அவனுக்கு எது பிடிக்கிறது என்று கேளுங்கள்.

உப்புவெளிக் கரையான்

ஓடியாச்சு. மாமா மகன் சைக்கிளில் வந்து வீடியோ எடுத்தான்.

முதல் 100: 17.2. இரண்டாம் கோட்டில் 34.9. அதுவரைக்கும் சுகமாக இருந்தது, இதைத்தானா பெரிய விசயமாகச் சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் கோட்டில் 55, அதாவது அந்தத் துண்டு மட்டும் 20 செக்கன். நான்காவதில் 79. கடைசி 100க்கு 24 செக்கன், கால் மரக்கட்டை மாதிரி, தொண்டையில் இரும்பு ருசி. கிப்டும் 400ஐ 68.6இல் கடக்கிறார், அந்த நேரத்தில் நான் 357 மீற்றரில். 43 மீற்றர் பின்னால். இதே சுற்றை அவர் 105 தரமும் இன்னொரு அரையும் ஓடுகிறார்.

அடி எண்ணினதில் முதல் 100இல் 62 வந்தது. காலமை ஓட்டத்தில் ஒரு 100க்கு 99 அடி வைக்கிறேன்.

மூதூர் கணக்கன்

அருமை. கிப்டும் நிமிடத்துக்கு 185 அடி வைத்தார் என்று எடுத்தால் ஒரு 100க்கு 53 அடிதான் வரும், ஒவ்வொரு அடியும் 1.9 மீற்றர். நீங்கள் அதே வேகத்துக்கு 62 வைத்தீர்கள், அதாவது நிமிடத்துக்கு 216. அடியின் நீளத்தில் குறைந்ததை எண்ணிக்கையில் பிடித்திருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையை நெடுநேரம் வைத்திருப்பது மிகவும் கஷ்டம்.

உங்கள் 79ஐ வேய்ட் வான் நீகெர்க் 2016இல் ஓடின 43.03 உடன் ஒப்பிட்டால் 1.84 மடங்கு. இப்போது வரிசையைப் பாருங்கள்: 100இல் 1.62, 400இல் 1.84, 10 கிலோமீற்றரில் 2.29, மரதனில் 2.36. இடைவெளியில் பெரும்பகுதி 10 கிலோமீற்றருக்குள்ளேயே திறந்துவிட்டது, மரதன் அதில் கொஞ்சம்தான் கூட்டுகிறது. மாஸ்டர் சொன்ன ஒட்சிசன் கதைக்கு இது பொருந்துகிறது. ஒரு குறை: உங்கள் 79 உங்களின் சிறந்த 400 அல்ல, 17 செக்கனில் கட்டிப்போட்டு ஓடியது. முழுமூச்சாகத் திட்டமிட்டு ஓடினால் ஓரிரண்டு செக்கன் குறையும்.

ரஸ்மி_ஜமாலியா

கார்பன் தட்டு வைத்த சப்பாத்து போட்டு, சிகாகோக் குளிரில், முன்னுக்கு வேக வழிகாட்டி ஓட, ஓடின எண்ணை எடுத்து, கச்சான் காற்று வீசுகிற திருகோணமலையில் சாதாரணச் சப்பாத்தோடு ஓடுகிறவனோடு ஒப்பிடுவது நியாயமா? அதைக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு மிச்சம்?

நிலா (நிலாவெளி)

இதில் நான் ரஸ்மி பக்கம். ஆடி மாதத்தில் பத்து மணிக்குப் பிறகு நிலாவெளி வீதியில் ஓடிப் பாருங்கள், கணக்கெல்லாம் உருகிவிடும்.

பழைய பீ.ரி. மாஸ்டர்

நியாயமான கேள்வி. சூடு பெரிய விசயம்தான், தோலைக் குளிர்விக்க இரத்தம் போனால் காலுக்குக் குறையும், நம் ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் ஒழுகும். மாணவர்களைக் காலமையிலும் பின்னேரத்திலும் ஓட விட்டுப் பார்த்ததில், நெடுந்தூரத்தில் 100 மீற்றருக்கு ஒன்றிரண்டு செக்கன் போகிறது என்று நான் கணித்திருக்கிறேன். கரையான் தம்பியின் 40.5இலிருந்து மூன்று செக்கனைத் தாராளமாகக் கழியுங்கள், 37.5. இப்போதும் 2.19 மடங்கு.

ரஸ்மி_ஜமாலியா

சப்பாத்து?

மூதூர் கணக்கன்

அது 4 வீத ஒட்சிசனை மிச்சம் பிடிக்கிறது என்று ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். ஆனால் மெதுவாக ஓடுகிறவருக்கு அதே அளவு கிடைக்குமா என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. கிப்டுமுக்கு முழு 4 வீதமும் கழித்து 17.8 என்று வையுங்கள். 37.5ஐ அதால் வகுத்தால் 2.1. சுற்றி வந்து கரையான் முதலில் சொன்ன எண்ணிலேயே நிற்கிறோம், ஆனால் இது வேறு காரணத்துக்கு.

ரஸ்மி_ஜமாலியா

ஆய்வுகூட ஒட்சிசன் 4 வீதம் என்றால் வேகமும் 4 வீதம் கூடும் என்று யார் சொன்னது? காற்றை எதிர்த்து ஓடுகிற செலவு அந்த வேகத்தில் கூட. அதுவும் கழியாது.

மூதூர் கணக்கன்

அது சரியான பிடி. வேகத்தில் 4ஐவிடக் குறைவாகத்தான் வரும், அப்படியானால் 17.8 என்பது கூடிய மதிப்பீடு, இடைவெளி 2.1ஐவிடக் கொஞ்சம் பெரிது. எவ்வளவு என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது.

ரஸ்மி_ஜமாலியா

சரி, சனிக்கிழமை காலமை நானும் வருகிறேன். சைக்கிளில் வேகமானி இருக்கிறது, மணிக்கு 21இல் முன்னுக்கு ஒருவர் ஓட்டட்டும், யார் கூடத் தூரம் ஒட்டிக்கொண்டு போகிறார் என்று பார்ப்போம். நான் 300 மீற்றர் என்று சொல்கிறேன்.

பழைய பீ.ரி. மாஸ்டர்

வேகமானியில் சில்லின் சுற்றளவு சரியாகப் பதிந்திருக்கிறதா பாருங்கள், ரயர் மாற்றியிருந்தால் பிழை காட்டும். காற்று அடித்து, நீங்கள் ஏறி இருந்து, சில்லு ஒரு சுற்று உருளும் தூரத்தை நிலத்தில் நாடாவால் அளந்து போடுங்கள். இன்னொன்று, சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் காற்று மறைப்புக் கிடைக்கும், பக்கவாட்டில் ஓடுங்கள்.

உப்புவெளிக் கரையான்

கோடுகள் இன்னும் அழியவில்லை. ஐந்தரைக்கு வாங்க, ஆறரைக்குப் பிறகு மீன் லொறி வரத் தொடங்கும்.